90 வரை ஓட்டம், அப்புறம் நடை! செல்போன் பேட்டரி காட்டும் சதவீதக் கணக்கின் உள்விவகாரம்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே அடங்கிவிடும் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அல்சூரிலிருந்து ஒரு வாலிபர் அங்கே வந்து நின்றார். ஓட்டல்களிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களை வாங்கி வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது அவருடைய தொழில். அதற்கு செல்போன்தான் மூலதனம். வழி காட்டுவது அது, ஆர்டர் வருவது அதில், பணம் வந்ததா என்று பார்ப்பதும் அதில்தான்.

"அண்ணே, 18 பர்சென்ட் இருக்குன்னு காட்டுது. சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைத் தேடும்போது பட்டென்று அணைந்து போகுது. இந்த வாரத்தில் மூன்று தடவை ஆயிற்று. மத்தியானம் சார்ஜ் போட்டால் 90 வரை வருது, அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. நூறு ஆகட்டும் என்று காத்திருந்து இரண்டு ஆர்டர் போச்சு" என்றார்.

ஆர்டர் போனால் அன்றைய கூலியில் துண்டு விழும். பாதி வழியில் போன் அணைந்தால் வாடிக்கையாளரின் புகாரும் சேரும். வாலிபர் சொன்ன இரண்டு குறைகளும் தினமும் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழக்கமானவைதான். கடைசிப் பத்து சதவீதம் ஏன் இப்படி இழுத்தடிக்கிறது? 18 இருப்பதாகச் சொல்லிவிட்டு ஏன் கை விடுகிறது?

கடைக்காரர் முப்பது வருடமாக ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி., செல்போன் என்று வரிசையாக எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவர். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. போனின் முதுகைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தார். பேட்டரி மேல் 4,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. மேஜை மேல் இருந்த பவர் சப்ளையின் இரண்டு ஒயர்களை அதில் மாட்டினார்.

இரண்டு சின்ன விளக்குகள்

அந்தப் பவர் சப்ளையில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று எவ்வளவு கரண்ட் போகலாம் என்பதற்கு, மற்றது எவ்வளவு வோல்ட் வரை போகலாம் என்பதற்கு. கடைக்காரர் கரண்டை 2 ஆம்பியரிலும் வோல்டேஜை 4.2-லும் நிறுத்தினார். (இப்போது வரும் பல செல்போன் பேட்டரிகளில் இந்த உச்சவரம்பு 4.4 வோல்ட்டைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டவும் செய்கிறது. இந்தப் பேட்டரிக்கு 4.2.) இயந்திரத்தின் முகப்பில் சி.சி., சி.வி. என்ற இரண்டு சின்ன விளக்குகள் இருக்கின்றன. முதலாவது எரிந்தால் கரண்ட் ஒரே அளவில் போகிறது என்று அர்த்தம். இரண்டாவது எரிந்தால் வோல்டேஜ் உச்சவரம்பில் நிற்கிறது, கரண்ட் குறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

லித்தியம் அயனி பேட்டரி எதுவாக இருந்தாலும் சார்ஜ் ஏறுவது இந்த இரண்டு கட்டங்களில்தான். செல்போனுக்குள் ஒரு சிறிய சில்லு இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. நமக்கு விளக்கு தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு விளக்கிலிருந்து மற்றதற்கு ஏன் மாற வேண்டும்? எல்லா பேட்டரிக்குள்ளும் கொஞ்சம் தடை உண்டு. கரண்டை உள்ளே தள்ளும்போது அந்தத் தடையைத் தாண்ட ஓரளவு வோல்டேஜ் செலவாகிறது. வெளியே மீட்டரில் தெரிவது உள்ளே இருக்கும் உண்மையான வோல்டேஜும் இந்தச் செலவும் சேர்ந்த கூட்டுத்தொகை. நல்ல நிலையில் உள்ள புதிய பேட்டரியில் தடை 0.075 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் போனால் செலவு 0.15 வோல்ட். ஆக, வெளியே 4.2 தெரியும்போது உள்ளே 4.05 தான் இருக்கும். அந்த நேரத்தில் பேட்டரி ஏறத்தாழ 85 சதவீதம் நிறைந்திருக்கும்.

இனி 2 ஆம்பியரையே தள்ளிக்கொண்டு போனால் வெளி வோல்டேஜ் 4.2-ஐத் தாண்டிவிடும். அதற்கு அனுமதி இல்லை. எனவே சில்லு வோல்டேஜை 4.2-லேயே பிடித்து வைக்கிறது. உள்ளே 4.125 ஆகும்போது இடைவெளி 0.075 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு 1 ஆம்பியர்தான் போக முடியும். உள்ளே இன்னும் ஏற ஏற இடைவெளி சுருங்கும், கரண்டும் சுருங்கும். மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து பக்கத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டால், இரண்டின் மட்டமும் நெருங்க நெருங்க ஓட்டம் மெலிந்துபோவதில்லையா, அதே கதைதான்.

கரண்ட் 0.2 ஆம்பியர் அளவுக்கு இறங்கியதும், 'போதும், நிறைந்துவிட்டது' என்று சில்லு கதவைச் சாத்துகிறது. பேட்டரிக்குப் பேட்டரி இந்த அளவு கொஞ்சம் மாறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

புதிய 4,000 பேட்டரி ஒன்றை அடியிலிருந்து ஏற்றுவதாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். முதல் 85 சதவீதம், அதாவது 3,400 மில்லி ஆம்பியர்-மணி, 2 ஆம்பியர் வீதம் ஏற 1 மணி 42 நிமிடம் ஆகிறது. மீதி 600-ம் அதே வேகத்தில் போனால் 18 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கரண்ட் 2-லிருந்து 0.2 வரை படிப்படியாக இறங்குவதால் அதற்கு 46 நிமிடம் பிடிக்கிறது.

கடைசிப் பத்து சதவீதத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நடுவில் எந்தப் பத்து சதவீதத்துக்கும் 12 நிமிடம் போதும். 90-லிருந்து 100-க்கு 39 நிமிடம். கடைசி ஒரே ஒரு சதவீதத்துக்கு மட்டும் 9 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நடுவழியில் அதே ஒரு சதவீதம் ஒன்றேகால் நிமிட வேலை. மத்தியான வேளையில் நூறுக்காகக் காத்திருந்த வாலிபர், 39 நிமிடம் கொடுத்து 12 நிமிடச் சரக்கை வாங்கியிருக்கிறார்.

'15 நிமிடத்தில் 50 சதவீதம்' என்று புதிய போன்களுக்கு விளம்பரம் வருகிறதே, அதில் ஏன் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதும் இப்போது விளங்கும். கரண்ட் பெரிதானால் தடையைத் தாண்டும் செலவும் பெரிது, உச்சவரம்பு சீக்கிரமே வந்து முட்டும். வேக சார்ஜரின் வேகமெல்லாம் முற்பாதியில்தான். பிற்பாதிக்கும் அதே வேகம் இருக்கும் என்று எண்ணி வாங்குகிறவர் ஏமாறுவார். விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை. முழுக் கதையையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தள்ளினால் என்ன?

"உச்சவரம்பை நாலரை, ஐந்து என்று வைத்துத் தள்ளிவிட்டால் என்னண்ணே?" என்று வாலிபர் கேட்டார். கடைக்காரர் மேஜை டிராயரைத் திறந்து, தலையணை போல உப்பியிருந்த ஒரு பழைய பேட்டரியை எடுத்துக் காட்டினார். "இதுதான் ஆகும் தம்பி. சில சமயம் இதோடு நிற்காது."

பேட்டரிக்குள் நடப்பது இது. ஒரு பக்கம் கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடு, மறுபக்கம் கிராபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு பக்கத்திலிருந்து புறப்பட்டு, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, கிராபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. கோபால்ட் ஆக்சைடு இதற்கு உதவும் என்று 1980-இல் காட்டியவர் ஜான் குட்எனஃப். ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருடன் அவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 97.

கிராபைட்டில் உட்காரும் இடத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம், அதற்கு மேல் இடமில்லை. ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெட்டி காலியாக இருக்கும்போது கூட்டம் மடமடவென்று ஏறிவிடும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு, முன்னால் ஏறியவர் உள்ளே நகர்ந்தால்தான் பின்னால் வருபவருக்கு நிற்க இடம். அந்த நேரத்தில் பிளாட்பாரத்திலிருந்து பலவந்தமாக நெருக்கினால் ஆட்கள் படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான்.

பேட்டரியிலும் அளவுக்கு மீறித் தள்ளினால் லித்தியம் உள்ளே போக முடியாமல் கிராபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. அப்படிப் படிந்ததில் பெரும் பகுதி திரும்ப வேலைக்கு வருவதில்லை. சில சமயம் ஊசி போல வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைக் குத்தி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். தீப்பிடிப்பதற்கு அது ஒரு வழி. மறுபக்கத்திலோ வோல்டேஜ் அதிகமானால் திரவம் சிதைந்து வாயு கிளம்புகிறது. டிராயரிலிருந்த தலையணைக்கு அதுதான் காரணம்.

ஆக, கடைசிப் பத்து சதவீதம் மெதுவாக ஏறுவது பழுது அல்ல. மெதுவாக ஏற்றித்தான் தீர வேண்டும். பவர் சப்ளையில் வோல்டேஜ் திருகு தவறிப் போனாலும் இதே ஆபத்துதான். கடைக்காரர் செய்ததை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வாலிபரின் பேட்டரியிலோ வேறு ஒன்று தெரிந்தது. இரண்டாவது விளக்கு 85-இல் எரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 60, 65 அளவிலேயே எரிந்துவிட்டது. உள்தடை இரட்டிப்பாகி 0.15 ஓம் ஆகியிருந்தால் இப்படித்தான் ஆகும். 2 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் செலவு. வெளியே 4.2 தெரியும்போது உள்ளே 3.9 தான். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்பதற்கு இது முதல் சாட்சி. முன்பெல்லாம் எண்பதைத் தாண்டித் தயங்கிய போன் இப்போது அறுபதிலேயே தயங்கினால், சார்ஜரைக் குறை சொல்லுமுன் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது?

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் இறங்கினால் அதுவும் இறங்கும். பேட்டரிக்குள் அப்படி எந்த மிதவையும் கிடையாது. எவ்வளவு சார்ஜ் மீதி இருக்கிறது என்று நேராக அளந்து சொல்லும் கருவியும் போனில் இல்லை. திரையில் தெரியும் சதவீதம் ஓர் ஊகம். கணக்குப் போட்டுச் செய்த ஊகம் என்றாலும் ஊகம்தான்.

சில்லு அளப்பது மூன்றை: வோல்டேஜ், கரண்ட், சூடு. வோல்டேஜை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாமே என்றால், நடுப்பகுதியில் அது அநேகமாக அசைவதில்லை. 20 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே வித்தியாசம் கால் வோல்ட் அளவுக்குத்தான் வரும். போன் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் ஏறி இறங்குவதால் வோல்டேஜ் அதற்கு மேலேயே ஆடும். அதைப் பார்த்து எப்படிச் சொல்வது?

எனவே சில்லு கணக்குப்பிள்ளை வேலையும் பார்க்கிறது. உள்ளே வந்த கரண்ட் வரவு, வெளியே போனது செலவு. வினாடிக்கு வினாடி கூட்டிக் கழித்து மீதியை வைத்திருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் உட்காருபவருக்கு இது நன்றாகப் புரியும். நாள் முழுவதும் வரவு எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் ஷிப்ட் முடிவில் கல்லாவை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கணக்கு சரியா என்று தெரியும். ஒவ்வொரு பதிவிலும் ஒரு பைசா பிசகினாலும் பத்து நாளில் அது பெரிய தொகை.

பேட்டரியில் கல்லாவை எண்ணும் சந்தர்ப்பம் எப்போதாவதுதான் வருகிறது. போன் நன்றாக ஓய்ந்து கிடக்கும்போது, அல்லது முழுக்க நிறையும்போது, அல்லது அடிமட்டத்துக்கு இறங்கும்போது வோல்டேஜை நம்பலாம். அப்போது சில்லு தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. திருத்தும்போது எண் திடீரென்று குதித்தால் பார்ப்பவர் பயப்படுவார் என்பதற்காக, பல போன்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மழுப்புகிறார்கள். ஒரு சதவீதம் அரை மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, அடுத்த மூன்று சதவீதம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல் முனையிலும் கீழ் முனையிலும் காட்டுவது உள்ளபடியே அல்ல. திரையில் 0 காட்டும்போது பேட்டரி உண்மையில் வறண்டுவிடுவதில்லை. ஒழுங்காக அணைவதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அடியோடு வறட்டுவது பேட்டரிக்கும் கேடு. அதேபோல் 100 காட்டிய பிறகும் சில போன்களில் சிறிது கரண்ட் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

எதில் நூறு?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சதவீதம் என்றால் ஏதோ ஒன்றில் நூற்றில் இத்தனை. அந்த 'ஏதோ ஒன்று' என்ன? பேட்டரி மேல் அச்சிட்ட 4,000 அல்ல. இன்றைய தேதியில் இந்தப் பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்று சில்லு நினைத்துக்கொண்டிருக்கும் அளவு. நாலு வருடம் ஆன பேட்டரியும் தினமும் காலையில் 100 தான் காட்டும். குடம் சின்னதாகிவிட்டாலும் நிறைகுடம் நிறைகுடம்தான்.

கடைக்காரர் வாலிபரின் பேட்டரியை அடியிலிருந்து நிறையும் வரை ஏற்றி, உள்ளே போனதை அளந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 2,900 தான் போயிருந்தது.

இனி அந்த 18 சதவீதக் கதைக்கு வருவோம். வாலிபர் எப்போதும் வண்டியில் போகிற போக்கில் முப்பதிலிருந்து எண்பது, நாற்பதிலிருந்து தொண்ணூறு என்று துண்டு துண்டாகத்தான் ஏற்றியிருக்கிறார். அடியிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் ஏற்றிப் பல மாதமாகிறது. அதனால் சில்லு தன் மொத்த அளவைத் திருத்திக்கொள்ளாமல் இன்னும் 3,300 என்றே வைத்திருந்தது என்று கொள்வோம். 2,700 செலவானதும் அது கணக்குப் போடுகிறது: 3,300-இல் 2,700 போக 600 மீதி, 18 சதவீதம். உண்மையில் இருந்தது 2,900. மீதி 200 தான். 18 என்று காட்டிய இடத்தில் இருந்தது 7.

ஏழு இருந்தாலும் ஓட வேண்டியதுதானே? அங்கேதான் உள்தடை மறுபடி வருகிறது. சார்ஜ் ஏறும்போது தடை வோல்டேஜைக் கூட்டிக் காட்டியது. செலவாகும்போது அதுவே குறைத்துக் காட்டுகிறது. 7 சதவீதத்தில் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் அளவுக்கு இருக்கும். வழி காட்டும் வரைபடம் ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில் இருக்கிறது, சிக்னல் மோசமான தெருவில் ரேடியோ பலமாகக் கூவுகிறது, அந்த நேரத்தில் போட்டோ எடுக்கக் கேமராவையும் திறக்கிறார். ஒரு நொடிக்கு 3 ஆம்பியர் இழுத்தால் 0.15 ஓம் தடையில் 0.45 வோல்ட் விழுகிறது. வெளியே 3.15. போன் 3.3-க்குக் கீழே போனால் அணைந்துகொள்ளும்படி அமைத்திருந்தால் அடுத்த கணம் இருட்டு. அதே நேரத்தில் புதிய பேட்டரியாக இருந்தால் 0.225 வோல்ட் விழுந்து 3.375-இல் தப்பித்திருக்கும்.

இப்படி அணைந்த போனை உடனே சார்ஜரில் மாட்டிப் பார்த்தால், 0 காட்டாமல் 15, 16 என்று காட்டும். காலியாகி அணைந்ததா, தாக்குப்பிடிக்காமல் அணைந்ததா என்று அறிய இதைவிடச் சுலபமான சோதனை இல்லை. வாலிபர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, மாட்டின உடனே 15 காட்டுச்சு" என்றார்.

இந்தச் சங்கடம் மலிவு விலை போனுக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2017-இல் இதே திடீர் அணைப்பைத் தடுப்பதற்காக, பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. அது வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பவே, அந்த ஆண்டு டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. காரணம் நியாயமானது, மறைத்ததுதான் தவறு.

வாலிபர் செய்தது

இரண்டு வழிகளைக் கடைக்காரர் சொன்னார். காசு செலவில்லாத வழி முதலில். ஒருமுறை போன் தானாக அணையும் வரை ஓட்டிவிட்டு, நடுவில் எடுக்காமல் நூறு வரை ஏற்றினால் சில்லு தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதன் பிறகு 18-இல் அணையாமல், எண் சீக்கிரமாக இறங்கி ஓரளவு உண்மையைச் சொல்லும். ஆனால் பேட்டரி இளமையாகிவிடாது. இழந்த 1,100 திரும்பி வராது. சில மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் இப்படிச் செய்வது பேட்டரியை இன்னும் தேய்க்கும். வாராவாரம் செய்யச் சொல்கிறவர்கள் தவறான யோசனை சொல்கிறார்கள்.

இரண்டாவது, பேட்டரியை மாற்றுவது. கையில் சாப்பாட்டுடன் தெருவில் நிற்கும் தொழிலுக்கு முதல் வழி போதாது என்று வாலிபரே முடிவு செய்தார். கடைக்காரர் புதிய பேட்டரியை மாட்டி, அதன் முதுகில் பேனாவால் தேதி எழுதினார். மத்தியானத்தில் 80, 85 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்பும்படியும், மீதியை ராத்திரி தூங்கும் நேரத்துக்கு விட்டுவிடும்படியும் சொன்னார். உச்சவரம்பில் நீண்ட நேரம் நிற்பது பேட்டரிக்கு வயதைக் கூட்டும்; இப்போது பல போன்களில் 80-லேயே நிறுத்திக்கொள்ளும் வசதி வைத்திருப்பது இதனால்தான். வெயிலில் சூடேறிய போனைச் சூட்டோடு சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிட்டுப் போடவும் சொன்னார்.

புதிய பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. 84 காட்டும்போது ஆர்டர் ஒன்று மணியடித்தது. வாலிபர் ஒயரைப் பிடுங்கிவிட்டு வண்டியை எடுத்தார்.